மதுக்கடை மூடும் நாட்களை முன்கூட்டி அறிவது எப்படி?

கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்றான ஜவ்வாது மலை, ஏறி நின்று பார்ப்பவருக்கு ஒரே மலைதான். சாமை விளையும் சரிவுகளும், பலாவும் சீத்தாவும் நிற்கும் ஓரங்களும் எங்கே ஒரு மாவட்டம் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று காட்டுவதில்லை. ஆனால் நிர்வாகக் கணக்கில் இந்த மலை மூன்று பங்காக இருக்கிறது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. புதூர்நாடு திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. பீஞ்சமந்தை வேலூர் மாவட்டத்து அணைக்கட்டுப் பகுதியைச் சேர்ந்தது. இந்தப் பங்கீடு நமக்குப் பெரும்பாலும் பட்டா மாற்றும்போதும் சான்றிதழ் வாங்கும்போதும்தான் நினைவுக்கு வரும். தேர்தல் காலத்தில் மட்டும் அது வேறொரு விதத்தில் நினைவுக்கு வருகிறது. மலையின் ஒரு பக்கத்தில் மதுக்கடை மூடியிருக்க, மறுபக்கத்தில் திறந்திருக்கிறது.

"கடை மூடுவது எங்களுக்கு நல்லதுதான், ஐயா. ஆனால் எந்த நாள் என்று முதல் நாள் மாலையில் தெரிவதால் என்ன பயன்?" என்று மலைப்பகுதிப் பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. முன்கூட்டித் தெரியாத ஊரில் அந்த ஒரு மாலையிலேயே சிலர் பை நிறைய வாங்கிவந்து, மறுநாள் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்குகிறார்கள். முன்கூட்டித் தெரிந்த ஊரில் பஞ்சாயத்தாருக்கும் வீட்டாருக்கும் செய்வதற்குச் சில காரியங்கள் உண்டு. அவற்றைச் சொல்லுமுன், அந்த நாட்களைக் கண்டறியும் முறையை விளக்குவோம். பத்திரிகைச் செய்திக்குக் காத்திராமலே, பெரும்பாலான நாட்களை நாமே கணக்கிட்டுவிடலாம்.

ஆண்டுதோறும் வரும் நாட்கள்

மூடும் நாட்கள் இருவகை. ஆண்டுதோறும் தவறாமல் வருபவை ஒருவகை. தேர்தலையோ உள்ளூர் விழாவையோ ஒட்டி வருபவை மற்றொரு வகை. இந்தப் பாகுபாடே நம் பாட்டனார் காலத்துக்குப் புதிது. 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலில் இருந்தபடியால், 1971-ல் அது நிறுத்தி வைக்கப்படும் வரை ஆண்டின் எல்லா நாளும் மூடிய நாளாகவே இருந்தது.

முதல் வகைக்கு ஆதாரம் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுபான சில்லறை விற்பனை விதிகளும், 1981-ஆம் ஆண்டின் மதுபான உரிம விதிகளும் ஆகும். முன்னது அரசின் வாணிபக் கழகக் கடைகளையும் அவற்றை ஒட்டிய பார்களையும் கட்டுப்படுத்துகிறது. பின்னது கிளப்புகளையும் ஹோட்டல் பார்களையும் கட்டுப்படுத்துகிறது. கலெக்டர் வெளியிடும் அறிவிப்பில் இவ்விரண்டின் பெயரும் காணப்படும். இவற்றின்படி அண்மை ஆண்டுகளில் எட்டு நாட்கள் கடைகள் மூடப்பட்டு வந்துள்ளன.

அவற்றில் நான்கு நாட்களுக்கு நாட்காட்டியைப் பார்க்கவே வேண்டாம். குடியரசு தினமாகிய ஜனவரி 26, மே தினமாகிய மே 1, சுதந்திர தினமாகிய ஆகஸ்ட் 15, காந்தி ஜயந்தியாகிய அக்டோபர் 2 ஆகியவை மாறுவதில்லை. மற்ற நான்கும் ஆண்டுக்காண்டு இடம் மாறுபவை. திருவள்ளுவர் தினம் தை மாதம் 2-ஆம் தேதி. பொங்கலுக்கு மறுநாள் என்று வைத்துக்கொண்டால் தவறாது. வள்ளலார் நினைவு நாள் தைப்பூசத்தன்று வருகிறது. மகாவீரர் ஜயந்தி பங்குனி, சித்திரை வாக்கில் வரும். மீலாது நபி பிறை பார்த்துத் தீர்மானிக்கப்படுகிறது. 2025-ஆம் ஆண்டில் இந்த நான்கும் முறையே ஜனவரி 15, பிப்ரவரி 11, ஏப்ரல் 10, செப்டம்பர் 5 ஆகிய தேதிகளில் வந்தன.

அரசு அடுத்த ஆண்டுக்குரிய பொது விடுமுறைப் பட்டியலை வழக்கமாக முந்திய ஆண்டின் இறுதி மாதங்களில் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இந்த எட்டையும் குறித்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது. மீலாது நபியை மட்டும் பென்சிலால் குறிப்பது நல்லது. 2024-ல் முதலில் செப்டம்பர் 16 என்று பட்டியலில் இருந்த அந்த விடுமுறை, பிறை தென்பட்ட கணக்கின்படி செப்டம்பர் 17-க்கு மாற்றப்பட்டது. கடை மூடும் நாளும் அதனுடனேயே நகர்ந்தது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் போக்கிவிடுவோம். எல்லாப் பெரிய பண்டிகைகளிலும் கடை மூடியிருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தீபாவளியும் பொங்கல் நாளும் அந்த எட்டில் சேர்ந்தவை அல்ல. பொங்கலுக்கு மறுநாள் மூடியிருப்பதால் பொங்கலன்றே மூடியதாக நினைவு மாறிவிடுகிறது போலும்.

தேர்தலும் 48 மணி நேரமும்

தேர்தலை ஒட்டிய மூடல் வேறு சட்டத்திலிருந்து பிறக்கிறது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135-சி என்ற பிரிவு 1996-ல் சேர்க்கப்பட்டது. பாராளுமன்ற, சட்டசபைத் தேர்தல்களில், வாக்குப்பதிவு முடிவதற்கென்று குறிக்கப்பட்ட நேரத்தோடு முடிவடையும் 48 மணி நேரத்துக்கு, வாக்குப்பதிவு நடைபெறும் பகுதியில் மது விற்கக்கூடாது என்கிறது அந்தப் பிரிவு. இதில் கவனிக்க வேண்டியது, கணக்கு பின்னோக்கி ஓடுகிறது என்பதே. வாக்குப்பதிவு தொடங்கும் நேரத்தை வைத்து எண்ணினால் தவறிவிடும். முடியும் நேரத்திலிருந்து இரண்டு முழு நாட்கள் பின்னால் செல்ல வேண்டும். இதனுடன், வாக்கு எண்ணும் நாளிலும் கடைகளை மூட வேண்டும் என்பது தேர்தல் கமிஷனின் கட்டளை. எங்காவது மறுவாக்குப்பதிவு நடந்தால் அங்கே மீண்டும் மூடல் வரும்.

2024-ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலை எடுத்துக்கொண்டு ஒரு முறை கணக்கிட்டுப் பார்ப்போம். மார்ச் 16-ஆம் தேதி தேர்தல் கமிஷன் கால அட்டவணையை வெளியிட்டது. தமிழ்நாடு முழுவதற்கும் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை வாக்குப்பதிவு; ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை. வாக்குப்பதிவு மாலை 6 மணிக்கு முடியும். அங்கிருந்து 48 மணி பின்னால் சென்றால் ஏப்ரல் 17, புதன்கிழமை மாலை 6 மணி. சட்டத்தின் சொல்லை மட்டும் பார்த்தால், புதன்கிழமை பகல் கடை திறந்திருக்கலாம் என்று தோன்றும். ஆனால் வெளிவந்த உத்தரவு 17-ஆம் தேதி காலை 10 மணி முதல் 19-ஆம் தேதி நள்ளிரவு 12 மணி வரை மூட வேண்டும் என்றது. அப்போது கடைகள் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் வழக்கமுடையவை ஆதலால், காலை 10 மணியிலிருந்து மூடல் என்றால் அன்று கடை திறக்கவே இல்லை என்று பொருள். 2021 சட்டசபைத் தேர்தலிலும் இதே முறைதான். ஆகவே, சட்டம் 48 மணி என்றாலும், வாக்குப்பதிவு நாளையும் அதற்கு முந்திய இரண்டு நாட்களையும் சேர்த்து மூன்று முழு நாட்கள் என்றே நாம் குறித்துக்கொள்வது சரியாக இருக்கும்.

இனி, அந்த மாதத்து நாட்காட்டியில் இன்னொன்றையும் பாருங்கள். அவ்வாண்டு மகாவீரர் ஜயந்தி ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை வந்தது. புதன், வியாழன், வெள்ளி மூடல், சனிக்கிழமை திறப்பு, ஞாயிறு மீண்டும் மூடல். ஐந்து நாட்களில் கடை திறந்திருந்தது ஒரே நாள். பின்னர் மே 1, அதன் பின் ஜூன் 4. இவற்றில் எதையும் அறிவதற்கு ஏப்ரல் மாதம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மார்ச் 16-ஆம் தேதி மாலையிலேயே, விடுமுறைப் பட்டியலும் தேர்தல் அட்டவணையும் கையில் இருந்த ஒருவர் இவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதியிருக்கலாம். ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது.

135-சி பிரிவில் நம் வாசகர்கள் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. அது விற்பனையை மட்டும் தடுக்கவில்லை. கொடுப்பதையும் வழங்குவதையும் சேர்த்தே தடுக்கிறது. அதுவும் கடை, ஹோட்டல் போன்ற இடங்களில் மட்டுமன்று. பொது இடமோ தனியார் இடமோ, எந்த இடமானாலும் பொருந்தும். மீறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம், மதுவும் பறிமுதலாகும். கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ அந்த மூன்று நாட்களுக்குள் வந்து, பந்தலின் பின்புறம் முன்பே வாங்கிவைத்த பாட்டில்கள் விருந்தினருக்கு வழங்கப்பட்டால், பணம் வாங்கவில்லை என்ற சமாதானம் செல்லாது. விருந்து கொடுப்பவர் ஒரு கட்சிக்காரராகவும் இருந்துவிட்டால் வாக்குக்கு லஞ்சம் என்ற குற்றச்சாட்டும் உடன் வரும். முகூர்த்த நாள் குறிக்கும் வீட்டாருக்கு இதைச் சொல்லிவைப்பது பஞ்சாயத்து உறுப்பினருக்கு ஏற்ற உதவி.

ஒரே மலை, வேறு வேறு நாள்

2024-ல் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் வாக்களித்தது. ஆகையால் சிக்கல் இல்லை. மலைவாசிகளைக் குழப்புவது, ஒரு பகுதிக்கு மட்டும் தேர்தல் வரும் காலம்தான். இதற்கு 2019-ஆம் ஆண்டைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அவ்வாண்டு தமிழ்நாட்டில் ஏப்ரல் 18-ஆம் தேதி பாராளுமன்ற வாக்குப்பதிவு என்று குறிக்கப்பட்டிருந்தது. இரண்டு நாட்களுக்கு முன், ஏப்ரல் 16-ஆம் தேதி, பணம் பிடிபட்டதன் காரணமாக வேலூர் தொகுதியின் தேர்தல் மட்டும் ரத்து செய்யப்பட்டது. பின்னர் அத்தொகுதிக்கு ஆகஸ்ட் 5-ஆம் தேதி வாக்குப்பதிவும் 9-ஆம் தேதி எண்ணிக்கையும் நடைபெற்றன. ஆகஸ்ட் மாத முதல் வாரத்தில் 48 மணி நேரத் தடை வேலூர்த் தொகுதிக்கு உரியதாயிற்று. அண்டையிலுள்ள திருவண்ணாமலைத் தொகுதியில் அப்போது தேர்தலே இல்லை.

இப்போது மலையைச் சுற்றிப் பார்ப்போம். ஜமுனாமரத்தூர் கலசபாக்கம் சட்டசபைத் தொகுதியில் அடங்கியது; அது திருவண்ணாமலைப் பாராளுமன்றத் தொகுதியின் பகுதி. ஜமுனாமரத்தூரிலிருந்து மேற்கே இறங்கினால் வரும் ஆலங்காயம் வாணியம்பாடி சட்டசபைத் தொகுதியைச் சேர்ந்தது. அது வேலூர்ப் பாராளுமன்றத் தொகுதியின் பகுதி. ஆகவே அந்த ஆகஸ்டில் ஆலங்காயத்துக்குத் தேர்தல், ஜமுனாமரத்தூருக்கு இல்லை. இதுவரை புரிந்துகொள்வது எளிது. மாவட்டம் வேறு என்று சொல்லிவிடலாம். ஆனால் திருப்பத்தூர் நகரத்தைப் பாருங்கள். அப்போது திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆகவில்லை. ஆலங்காயத்தைப் போலவே அதுவும் வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆயினும் திருப்பத்தூர் சட்டசபைத் தொகுதி திருவண்ணாமலைப் பாராளுமன்றத் தொகுதியில் சேர்ந்தது. ஒரே மாவட்டத்தில் இருந்தும் ஓர் ஊருக்குத் தேர்தல், மற்றோர் ஊருக்கு இல்லை. பாராளுமன்ற, சட்டசபைத் தேர்தல்களில் மாவட்ட எல்லையைப் பார்த்துப் பயனில்லை; தொகுதி எல்லையைத்தான் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

பஞ்சாயத்துத் தேர்தலில் நிலைமை நேர்மாறு. அங்கே மாவட்டமும் பஞ்சாயத்து யூனியனும்தான் கணக்கு. அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, திருவண்ணாமலை மாவட்டம் அதில் இருந்தது. 2020 ஜனவரி 2-ல் வாக்குகள் எண்ணப்பட்டன. ஆனால் வேலூர் மாவட்டம் அதற்குச் சற்று முன்னர்தான், நவம்பர் மாதத்தில், வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என்று மூன்றாகப் பிரிந்திருந்தது. வார்டு எல்லைகளை மறுவரையறை செய்ய வேண்டியிருந்ததால் அந்த மாவட்டங்களுக்குத் தேர்தல் தள்ளிப்போயிற்று. அவற்றுக்கு 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் இரண்டு கட்டமாக வாக்குப்பதிவும், 12-ஆம் தேதி எண்ணிக்கையும் நடந்தன. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் முடிந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆனபின், அதே மலையின் புதூர்நாட்டிலும் பீஞ்சமந்தையிலும் தேர்தல் வந்தது. இரு பக்கங்களின் பதவிக்காலமும் அதனால் வேறு வேறாயிற்று; திருவண்ணாமலைப் பக்கத்தில் அது 2025 ஜனவரி 5-ல் முடிந்துவிட்டது.

இரண்டு கட்டமாக நடக்கும்போது இன்னும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு யூனியனுக்கு எந்தக் கட்டமோ, அந்தக் கட்டத்துக்குரிய மூடலே அதற்கு முதலில் பொருந்தும். எனினும் தேர்தல் நடைபெறும் பகுதியை ஒட்டிய குறிப்பிட்ட சுற்றளவில் உள்ள கடைகளையும் மூடும்படி உத்தரவிடுவது உண்டு. தொகுதி எல்லைக்கு அப்பால் பத்து நிமிட நடையில் ஒரு கடை திறந்திருந்தால் தடை எதற்கு? ஆகையால் தேர்தல் இல்லாத யூனியனின் ஓரத்துக் கடையும் மூடியிருக்கக்கூடும். 2021 அக்டோபரில் இரண்டு கட்டத்துக்கும் இடையே இரண்டே நாட்கள்தான் இருந்தன; அக்டோபர் 2 காந்தி ஜயந்தியும் அதற்கு முன் வந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு வகையை மலைவாசிகள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். 2022 பிப்ரவரி 19-ல் நடந்தது நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல்; எண்ணிக்கை 22-ல். மலைக் கிராமங்கள் எதற்கும் அதில் வாக்கு இல்லை. ஆனால் மலைவாசி இறங்கிச் செல்லும் போளூரும் ஆலங்காயமும் திருப்பத்தூரும் நகராட்சியோ பேரூராட்சியோதான். நமக்குத் தேர்தல் இல்லை என்று இருப்பவருக்கு, நாம் போகும் ஊருக்கு இருக்கிறது என்பது நினைவில் இருக்க வேண்டும். தம் ஊர் எந்தத் தொகுதி, எந்த யூனியன் என்று அறிவது பாதிதான். தம் ஊரார் இறங்கும் சந்தை ஊர் எதில் சேர்ந்தது என்பதையும் அறிந்தால்தான் கணக்கு முழுமையாகும்.

உத்தரவை எங்கே பார்ப்பது, எப்படிப் படிப்பது

நாம் கணக்கிட்டதை உறுதி செய்வது கலெக்டரின் உத்தரவுதான். அது மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தின் வழியே பத்திரிகைக் குறிப்பாக, பெரும்பாலும் சில நாட்களுக்கு முன் வெளிவரும். மாவட்டங்களின் இணையதளங்களிலும் பார்க்கலாம்: திருவண்ணாமலைக்கு tiruvannamalai.nic.in, திருப்பத்தூருக்கு tirupathur.nic.in, வேலூருக்கு vellore.nic.in. மலைப் பஞ்சாயத்துக்காரர் தம் மாவட்டத்தை மட்டும் பார்த்து நிற்காமல், சந்தை ஊரின் மாவட்டத்தையும் பார்க்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தல் தேதிகள் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் tnsec.tn.gov.in என்ற தளத்தில் கிடைக்கும். பாராளுமன்ற, சட்டசபைத் தேர்தல் காலத்தில் 1950 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கேட்கலாம். மலையில் சிக்னல் கிடைக்கும் இடம் எதுவென்று நமக்குச் சொல்லத் தெரியாது. அது உள்ளூர் இளைஞர்களுக்கு நன்றாகத் தெரியும்.

உத்தரவைப் படிக்கும்போது தலைப்பில் உள்ள தேதியோடு நிறுத்தக்கூடாது. எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்பது ஒன்று. எந்தப் பகுதிக்கு என்பது மற்றொன்று: மாவட்டம் முழுவதுமா, தொகுதியா, யூனியனா, சுற்றளவும் உண்டா என்று பார்க்க வேண்டும். எண்ணிக்கை நாள் அதே குறிப்பின் கடைசி வரியில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாக்குப்பதிவு முடிந்து வாரக்கணக்கில் கழித்து வருவதால் அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உள்ளூர் விழாக்களைப் பொறுத்தவரை கணக்கு ஒன்றும் கிடையாது. திருவண்ணாமலைக் கார்த்திகை தீபத்தின்போது நகரத்தின் கடைகளைச் சில நாட்கள் மூடுவதும், விநாயகர் சிலை ஊர்வலத்தின்போது ஊர்வலப் பாதையில் உள்ள கடைகளை மூடுவதும் கலெக்டர் அந்தந்தச் சமயம் பிறப்பிக்கும் உத்தரவைப் பொறுத்தவை. அது எல்லா ஊருக்கும் பரவாது. நம் ஊர்த் திருவிழாவுக்கு அருகிலுள்ள கடையை மூட வேண்டும் என்று விரும்பும் பஞ்சாயத்தார், விழா தேதி தெரிந்தவுடனே கலெக்டருக்கும் போலீஸ் நிலையத்துக்கும் எழுதிக் கேட்கலாம். விழாவுக்கு முதல் நாள் எழுதினால் ஒன்றும் நடவாது.

தேதி தெரிந்த வீட்டில்

தேதியை முன்பே அறிவதால் வரும் பெரிய பயன், நாள்தோறும் அதிகமாகக் குடிக்கும் ஒருவர் உள்ள வீட்டுக்குத்தான். அத்தகையவருக்கு மது திடீரென்று நின்றால், உடல் அதைத் தாங்காமல் போகலாம். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரம் முதல் ஒரு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை தோன்றும். பலருக்கு அத்துடன் அடங்கிவிடும். சிலருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு புத்தி தடுமாறி, இல்லாததைக் கண்டு பேசி, இடம் காலம் மறந்துபோகும். இது உயிருக்கு ஆபத்தான நிலை. மூன்று நாள் மூடலோடு இதைப் பொருத்திப் பார்த்தால், வாக்குப்பதிவு நாளன்று, வீட்டார் வரிசையில் நிற்கும் வேளையில்தான் அது நிகழக்கூடும்.

இதைப் பேய் பிடித்ததென்று எண்ணிப் பூசாரியைத் தேடுவதும், சரிக்கட்ட என்று எங்கிருந்தோ சாராயம் வாங்கி ஊற்றுவதும் வழக்கமாக நடக்கும் தவறுகள். இதற்கு மருந்து உண்டு. வலிப்பு வராமல் காக்கும் மாத்திரைகளும், தயமின் என்னும் வைட்டமினும் டாக்டரின் மேற்பார்வையில் கொடுக்கப்படுகின்றன. முன்பு எப்போதாவது மது நின்றபோது வலிப்பு கண்டவர், அல்லது காலையில் எழுந்தவுடன் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் உள்ளவர், மூடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பாகவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று சொல்ல வேண்டும். வலிப்போ புத்தித் தடுமாற்றமோ தோன்றிவிட்டால் 108 வண்டியை அழைக்க வேண்டியதே. மலையிலிருந்து இறங்கும் நேரம் அதிகம் ஆகையால், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

கள்ளச் சாராயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடை மூடியிருக்கும் நாளில் அதை விற்பவன் தேடி வருவான். ஜவ்வாது மலையின் ஓடைகளில் ஊறல் அழிக்கப்பட்ட செய்தி நமக்குப் புதிதல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அது கடை மூடிய நாளில் நடந்ததன்று. ஆனால் கடை மூடிய நாளில் அதே பொருள் கைமாறுவதற்கு வாய்ப்பு கூடுதல். மெத்தனாலை மணத்தாலோ சுவையாலோ கண்டறிய முடியாது. குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்தே வயிற்று வலியும் வாந்தியும், கண் பனி மூடினாற்போல் மங்கலும் தோன்றும். முதல் நாள் குடித்த போதை இன்னும் தெளியவில்லை என்று வீட்டார் விட்டுவிடுவதால் உயிர் போகிறது. கண் மங்குகிறது என்று ஒருவர் சொன்னால், அவருடன் குடித்தவர் அனைவரையும், நன்றாக இருப்பவரையும் சேர்த்து, ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கள்ளச் சாராய விற்பனையைப் பற்றித் தகவல் சொல்ல 10581 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

கடைப் பாட்டிலை வாங்கிவைத்து மூடும் நாளில் விற்பதும் குற்றமே. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் உரிமமின்றி விற்பது தண்டனைக்குரியது. மூடலுக்கு முந்திய மாலையில் ஒரே ஆள் பல முறை இறங்கி ஏறுவது, பெட்டிக் கடையில் திடீரென்று காலி டம்ளர்கள் சேர்வது ஆகியவற்றை ஊரார் பார்க்கத்தான் செய்கிறார்கள். தேதி முன்பே பலகையில் எழுதப்பட்டிருந்தால், அந்த மாலையில் கண்ணை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பலகை என்றோம். பஞ்சாயத்து அலுவலகக் கரும்பலகையில் ஜனவரி மாதத்திலேயே எட்டு நாட்களையும் எழுதலாம். தேர்தல் அட்டவணை வந்த அன்று, வாக்குப்பதிவு நாளும் அதற்கு முந்திய இரு நாட்களும், எண்ணிக்கை நாளும் அதன் கீழே சேரும். பக்கத்தில் சந்தை ஊரின் பெயரும், அது எந்தத் தொகுதி என்பதும் இருக்கட்டும். உத்தரவு வெளிவந்தவுடன் ஒப்பிட்டுத் திருத்தலாம். 2019 ஏப்ரல் 16-ல் நடந்ததுபோல் கடைசி நேரத்தில் தேர்தலே ரத்தாவதும் உண்டு. எனவே தேர்தல் தேதிகளை அழிக்கக்கூடிய சுண்ணாம்புக்கட்டியிலேயே எழுதுங்கள்; பெயிண்டில் எழுத வேண்டாம்.